103 நாளும் 52 நாளும் ஒன்றா?

அறுவை செய்ய முடியாத அளவுக்கு முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 137 ஆண்கள். அமெரிக்காவின் படைவீரர் நல நிர்வாகம் நடத்திய சிகிச்சை ஆய்வில் சேர்ந்தவர்கள். 69 பேருக்கு வழக்கமான கீமோதெரபி, 68 பேருக்குச் சோதனை நிலையில் இருந்த கீமோதெரபி. கால்ப்ஃபிளைஷ், பிரென்டிஸ் இருவரும் 1980இல் எழுதிய பாடநூல் வழியாக இந்தத் தரவு உலகெங்கும் பரவியது. இன்றைக்கு R மென்பொருளின் survival தொகுப்பை நிறுவியவர் எவரும் veteran என்று தட்டினால் அத்தனை பேரின் கணக்கும் திரையில் வந்து நிற்கும்.

வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் இறந்துபோக 103 நாள் ஆயிற்று. சோதனைச் சிகிச்சைப் பிரிவில் 52.5 நாளிலேயே பாதிப்பேர் போய்விட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் இரண்டு பிரிவுகளையும் ஒப்பிட மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாகச் செய்யும் லாக்-ரேங்க் சோதனையைப் போட்டால் p மதிப்பு 0.93 என்று வருகிறது. அதாவது, வேறுபாடு இருப்பதாகச் சொல்ல ஒரு தடயமும் இல்லை.

இரண்டும் சரியான கணக்குதான். எப்படி என்று புரிந்துகொள்ள, லாக்-ரேங்க் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அது ஒவ்வொரு மரண நாளாக எடுத்துக்கொள்கிறது. முதல் நாளில் இரண்டு பேர் இறந்தார்கள். அன்று காலை 69 பேர் ஒரு பக்கம், 68 பேர் மறுபக்கம். இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசமே இல்லை என்றால், இந்த இரண்டு மரணங்களில் சோதனைப் பிரிவின் பங்கு இரண்டை 68/137ஆல் பெருக்கினால் வருவது, சுமார் 0.99. உண்மையில் இறந்த இருவருமே அந்தப் பிரிவுதான். இரண்டாம் நாள் ஒரு மரணம், அதுவும் சோதனைப் பிரிவில். எதிர்பார்த்த பங்கு 66/135, அதாவது 0.49. மூன்றாம் நாள் ஒரு மரணம், இம்முறை வழக்கமான பிரிவில். இப்படிக் கடைசி வரை போய், எதிர்பார்த்ததைத் தனியாகவும் நடந்ததைத் தனியாகவும் கூட்டுகிறார்கள். இடையில் ஆய்விலிருந்து விலகியவர்களும் முடிவில் உயிரோடு இருந்தவர்களும் (இங்கே மொத்தம் 9 பேர்) கண்காணிப்பில் இருந்த கடைசி நாள் வரைக்கும் கணக்கில் இருப்பார்கள், பிறகு கழிக்கப்படுவார்கள். அவர்களை இறந்தவர்களாகவும் எடுப்பதில்லை, பிழைத்தவர்களாகவும் எடுப்பதில்லை.

கூட்டுத்தொகை இப்படி வருகிறது. வழக்கமான பிரிவில் 64 மரணம் நடந்தது, எதிர்பார்த்தது 64.5. சோதனைப் பிரிவில் நடந்தது 64, எதிர்பார்த்தது 63.5. இந்த அரை மரண வித்தியாசத்திலிருந்துதான் 0.93 வருகிறது.

ஆனால் ஆரம்ப நாட்களில் சோதனைப் பிரிவில் எதிர்பார்த்ததைவிட அதிகம் இறந்ததைப் பார்த்தோமே, அது எங்கே போனது? பின்னால் வந்த நாட்கள் அதைத் தின்றுவிட்டன. 100 நாள் கடந்தபோது வழக்கமான பிரிவில் 32 பேர் கண்காணிப்பில் இருந்தார்கள், சோதனைப் பிரிவில் 21 பேர். 200 நாள் கடந்தபோது முறையே 11, 13. 300 நாள் கடந்தபோது 5, 8. அதாவது ஆறு மாதத்தை ஒட்டி இரண்டு உயிர்பிழைப்புக் கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. முன்பாதியில் ஒரு சிகிச்சை மோசம், பின்பாதியில் மற்றது மோசம். லாக்-ரேங்க் எல்லா மரணத்துக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டுவதால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. ஒரு பிரிவின் மரண வேகம் மற்றதைவிடத் தொடர்ந்து ஒரே மடங்கில் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் இடத்தில் இந்தச் சோதனைக்கு ஈடு கிடையாது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அதன் கண் மங்கிவிடுகிறது.

அதற்காக, ‘சோதனை மருந்து முதலில் கொல்லும், பிறகு காக்கும்’ என்று எழுதிவிடவும் கூடாது. 300 நாளுக்குப் பிறகு கதை சொல்வது 13 பேர் மட்டுமே. இடைநிலைக் காலங்களின் 95 சதவீத நம்பக எல்லைகளைப் பாருங்கள்: ஒன்று 59 முதல் 132 நாள், மற்றது 44 முதல் 95 நாள். கணிசமான அளவு ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. ஆகவே இந்த வெட்டு தற்செயலாகவும் இருக்கலாம். வரைபடத்தின் கீழே எத்தனை பேர் இன்னும் கணக்கில் இருக்கிறார்கள் என்ற வரிசையைப் போடாமல் கோட்டை மட்டும் அச்சிடும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. வலது ஓரத்தில் கம்பீரமாக நீளும் கோடு பல நேரம் இரண்டு, மூன்று மனிதர்கள்தான்.

அடுத்த கட்டம் காக்ஸ் ரிக்ரெஷன். டேவிட் காக்ஸ் 1972இல் தந்த இந்த முறையில், சிகிச்சையோடு நோயாளியின் மற்ற தன்மைகளையும் சேர்த்து, ஒவ்வொன்றும் மரண வேகத்தை எத்தனை மடங்காக்குகிறது என்று கணக்கிடலாம். அந்த மடங்குதான் இடர் விகிதம். இதற்குள் ஒரு நிபந்தனை உண்டு: முதல் நாளில் இருந்த மடங்கே நூறாவது நாளிலும் இருக்க வேண்டும். விகிதசம இடர் என்பது இதுதான். நிபந்தனை உடைந்திருந்தாலும் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓர் எண்ணை நீட்டிவிடும். சோதிப்பது நம் வேலை.

```
library(survival)
survdiff(Surv(time, status) ~ trt, data = veteran)
fit <- coxph(Surv(time, status) ~ trt + prior + karno, data = veteran)
z <- cox.zph(fit)
z
plot(z[3])
```

இதில் trt என்பது சிகிச்சை, prior என்பது முன்பே சிகிச்சை பெற்றவரா என்பது. karno என்பது கார்னோஃப்ஸ்கி மதிப்பெண்: ஆய்வில் சேர்ந்த அன்று நோயாளி எந்த அளவுக்குத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார் என்பதற்கு மருத்துவர் போடும் எண். நூறுக்கு அருகில் என்றால் நல்ல நிலை, பத்து என்றால் சாகும் தறுவாய். இந்த மாதிரியின்படி, மதிப்பெண் பத்து கூடினால் மரண வேகம் சுமார் 0.71 மடங்காகக் குறைகிறது. ரொம்ப உறுதியான முடிவுபோலத் தெரியும்.

cox.zph வேறு கதை சொல்கிறது. ஒவ்வொரு மரண நாளிலும், இறந்தவரின் மதிப்பெண்ணை அன்று உயிரோடு இருந்தவர்களின் எடையிட்ட சராசரியோடு அது ஒப்பிடுகிறது. அந்த வித்தியாசத்துக்கு ஷோன்ஃபெல்ட் எச்சம் என்று பெயர். மதிப்பெண்ணின் தாக்கம் காலம் முழுக்க ஒரே அளவாக இருந்தால், இந்த எச்சங்களில் நாள் போகப்போக ஏற்றமோ இறக்கமோ தெரியக் கூடாது. சிகிச்சைக்கு p மதிப்பு 0.59; கவலையில்லை. கார்னோஃப்ஸ்கிக்கு சுமார் 0.0005. வரைபடத்தில் கோடு ஆரம்பத்தில் பூஜ்யத்துக்கு வெகு கீழே தொடங்கி, சில மாதங்களில் பூஜ்யத்தை நோக்கி ஏறிவிடுகிறது.

survSplit கட்டளையால் காலத்தை 90ஆம் நாளிலும் 180ஆம் நாளிலும் வெட்டி மூன்று துண்டாக்கி மறுபடி கணக்கிட்டால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. முதல் மூன்று மாதத்தில் பத்து மதிப்பெண்ணுக்கு இடர் விகிதம் 0.61. அடுத்த மூன்று மாதத்தில் 1.08. அதற்குப் பிறகு 0.92. கடைசி இரண்டும் ஒன்றிலிருந்து பிரித்தறிய முடியாதவை. யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. சேர்ந்த அன்று எடுத்த மதிப்பெண் அது. இந்த நோயில் மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த ஆள் அன்றிருந்த ஆளே இல்லை. முன்பு கிடைத்த 0.71 என்பது வலுவான ஒரு தாக்கமும் ஒன்றுமில்லாததும் கலந்த சராசரி. எந்த நோயாளிக்கும் எந்த நாளிலும் அது பொருந்தாது.

சிகிச்சைக்கு வந்த 0.59ஐயும் கொஞ்சம் நிதானமாகத்தான் வாசிக்க வேண்டும். விகிதம் மாறவில்லை என்று அது நிரூபித்துவிடவில்லை. 128 மரணங்களை வைத்து மாற்றத்தைக் காட்ட முடியவில்லை, அவ்வளவே. மறுபுறம், ஆயிரக்கணக்கானோர் உள்ள ஆய்வில் பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு மாற்றத்துக்கும் p மதிப்பு சரிந்துவிடும். அதனால்தான் எண்ணோடு படத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

குறுக்கே வெட்டும் கோடு வெறும் தற்செயலாக இல்லாமல், உள்ளே மறைந்திருந்த ஒன்றைக் காட்டிக்கொடுத்த ஆய்வும் உண்டு. ஐபாஸ் என்ற பெயரில் ஆசிய நாடுகளில் நடந்து 2009இல் முடிவுகள் வெளியான ஆய்வு அது. நுரையீரல் புற்றுநோய் கொண்ட, புகைக்காத அல்லது குறைவாகப் புகைத்த 1,217 பேர். பாதிப்பேருக்கு கெஃபிட்டினிப் மாத்திரை, பாதிப்பேருக்கு கார்போபிளாட்டின்-பாக்லிடாக்ஸெல் கீமோதெரபி. நோய் முற்றாமல் கழிந்த இடைநிலைக் காலம் மாத்திரைக்கு 5.7 மாதம், கீமோவுக்கு 5.8 மாதம். படைவீரர் ஆய்வுக்கு நேர்மாறு: இடைநிலைக் காலம் ஒன்றே, ஆனால் இடர் விகிதம் 0.74, p மதிப்பு 0.001க்கும் கீழே. ஆறு மாத அளவில் கோடுகள் வெட்டிக்கொண்டு, ஓராண்டு முடிவில் 24.9 சதவீதத்துக்கு எதிராக 6.7 சதவீதம் என்று விலகி நின்றன.

காரணம், அங்கே இரண்டு விதமான நோயாளிகள் கலந்திருந்தார்கள். கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றம் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் மாத்திரைக்கு இடர் விகிதம் 0.48. மாற்றம் இல்லாதவர்களில் 2.85, அதாவது அவர்களுக்கு மாத்திரை கெடுதல். ஒட்டுமொத்தமாகச் சொன்ன 0.74 இந்த இரண்டு கூட்டத்தில் யாருக்கும் உரியதல்ல. மாற்றம் இல்லாதவர்கள் முதலில் விழுந்ததால் மாத்திரைக் கோடு ஆரம்பத்தில் சரிந்தது; பிறகு மாற்றம் உள்ளவர்களே மிஞ்சியதால் நிமிர்ந்தது.

இதையெல்லாம் பார்த்த பிறகு படைவீரர் ஆய்வின் முடிவை எப்படி எழுதுவது? ‘வேறுபாடு இல்லை (p = 0.93)’ என்று ஒரே வரியில் முடிப்பதைவிட நான் இப்படி எழுதுவேன்: “வழக்கமான பிரிவில் 69 பேரில் 64 பேரும், சோதனைப் பிரிவில் 68 பேரில் 64 பேரும் இறந்தனர். இடைநிலை உயிர்பிழைப்பு முறையே 103 நாள் (95% நம்பக எல்லை 59–132), 52.5 நாள் (44–95). லாக்-ரேங்க் கை-வர்க்கம் 0.008, p = 0.93. கோடுகள் ஆறு மாதத்தை ஒட்டி வெட்டிக்கொள்வதால் இந்தச் சோதனையின் திறன் இங்கே குறைவு. காக்ஸ் மாதிரியில் கார்னோஃப்ஸ்கி மதிப்பெண் விகிதசம நிபந்தனையை மீறியது; ஆகவே அதன் தாக்கம் மூன்று காலப் பகுதிகளாகத் தரப்படுகிறது.” ஐந்து வாக்கியம், பத்திரிகையில் ஒரு விரற்கடை இடம். கோடுகளை எங்கே ஒப்பிடப் போகிறோம், எந்தச் சோதனையால் என்பதை ஆய்வு தொடங்குமுன்பே எழுதிவைத்திருந்தால் இன்னும் நல்லது. படத்தைப் பார்த்துவிட்டு, பிடித்த p மதிப்பு தரும் சோதனையைத் தேடிப்போவதற்கு அப்போது வழியிருக்காது.