தவறான விடையை எழுதுவதுதான் கடினம்

இன்றைய பெல்ஜியத்தில் பிறந்த ஹெல்மான்ட் என்ற அறிஞர், 17ஆம் நூற்றாண்டில் ஒரு சோதனை செய்தார். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு பிடுங்கி நிறுத்துப் பார்த்தபோது மரத்தின் எடை 74 கிலோ கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம் அளவுதான். ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அந்த விடை தவறு. ஆனால் நிறுத்துப் பார்த்து, யோசித்து வந்த தவறு. ஒரு மதிப்பெண் வினா எழுதுகிறவர்கள் தேடிப்பிடிக்க வேண்டியது இப்படிப்பட்ட தவறுகளைத்தான்.

ஒளிச்சேர்க்கை பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து பத்து வினா தயாரிக்கச் சொன்னால் பெரும்பாலும் வருவது இந்த மாதிரி இருக்கும்: ஒளிச்சேர்க்கையின்போது வெளியேறும் வாயு எது? அ) ஆக்ஸிஜன் ஆ) ஹீலியம் இ) நியான் ஈ) குளோரின். பாடத்தைத் திறந்தே பார்க்காத பிள்ளைகூட இதற்குச் சரியாக விடை எழுதிவிடும். ஹீலியமும் நியானும் இடத்தை நிரப்ப வந்தவை. எந்த மாணவரும் மனதார நம்பி அவற்றைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. பெயருக்கு நான்கு விடைகள் இருந்தாலும் உண்மையில் இருப்பது ஒன்றுதான்.

நான் பாடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் வினா எழுதுவதில்லை. 'இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன புரிந்திருக்க வேண்டும்?' என்று கேட்டு, ஐந்தாறு முழு வாக்கியங்களாக எழுதிக்கொள்வேன். ஒளிச்சேர்க்கைக்கு அதில் ஒன்று இது: 'செடியின் உடல், பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து கட்டப்படுகிறது.' பச்சையம், ஸ்டார்ச், இலைத்துளை என்று தனித்தனிச் சொற்களைப் பட்டியல் போட்டால் மனப்பாட வினாதான் வரும். முழு வாக்கியமாக எழுதினால், அது பொருந்தும் ஒரு சூழ்நிலை மனதில் தோன்றும். அந்தச் சூழ்நிலைதான் வினா.

அடுத்து, விடைகளைத் தராமல் அதே கேள்வியை வகுப்பில் கேட்பேன். 'ஒரு சின்ன கன்று பெரிய மரமாயிடுச்சு. அவ்வளவு எடையும் எங்கிருந்து வந்தது?' பிள்ளைகள் ஒரு துண்டுத்தாளில் ஒரே வரியில் எழுதித் தரவேண்டும். 'மண்ணிலிருக்கும் சத்து' என்ற விடை அதிகமாக வரும். 'தண்ணீர்' என்றும் 'சூரிய ஒளி' என்றும் சிலர் எழுதுவார்கள். தவறான விடைகளை நான் கற்பனை செய்யவே வேண்டாம். பிள்ளைகளே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பு இல்லாதவர்கள், பாடத்தை இப்போதுதான் படித்த நான்கைந்து பேரிடம் கேட்டாலும் போதும்.

இப்படி உருவான வினா இது: ஒரு கன்று பெரிய மரமாக வளர்ந்தது. அதன் உலர் எடையில் பெரும்பகுதி எதிலிருந்து வந்தது? அ) மண்ணிலுள்ள சத்துகள் ஆ) வேர் உறிஞ்சிய நீர் இ) காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு ஈ) இலையில் விழுந்த சூரிய ஒளி.

இதில் 'உலர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் முதலில் எழுதியபோது அது இல்லை. தேர்வு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "பச்சைச் செடியை நசுக்கினா தண்ணிதானே சார் அதிகமா வருது? நான் 'ஆ' போட்டது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஈரத்தோடு நிறுத்தால் பல செடிகளில் நீரின் எடைதான் அதிகம். அவளுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு, வினாவில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். தவறான விடை நம்பும்படி இருக்க வேண்டும். ஆனால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சரியாகிவிடக் கூடாது. எழுதி முடித்ததும் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து, 'மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று சரி என்று வாதாடிப் பாருங்கள்' என்று சொல்வது இதற்காகத்தான்.

வினாவின் வடிவமே விடையைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. சரியான விடையில் பிழை வந்துவிடக் கூடாதே என்று அதை மட்டும் நீட்டி, நிபந்தனைகளோடு எழுதிவிடுகிறோம். மற்றவை ஒரே சொல்லில் நிற்கும். பாடம் தெரியாத பிள்ளையும் நீளமானதைத் தேர்ந்தெடுத்துத் தப்பித்துவிடும். நான்கும் ஏறக்குறைய ஒரே நீளத்திலும் ஒரே இனத்திலும் இருக்க வேண்டும். 'மேற்கண்ட அனைத்தும்' என்பதையும் தவிர்க்கலாம். இரண்டு சரி என்று தெரிந்தாலே அதைக் குறித்துவிட முடியும். நான்காவது விடை கிடைக்கவில்லை என்றால் மூன்றோடு நிறுத்துங்கள். இதுபற்றிய எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ராட்ரிகெஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மூன்று விடைகளே போதும் என்று 2005இல் எழுதினார். பொதுத்தேர்வுக்குப் பழக்கும்போது நான்கு தேவைப்படலாம். வகுப்புத் தேர்வில் அந்தக் கட்டாயம் இல்லை.

அடுத்தது விளக்கம். 'தவறு, சரியான விடை இ' என்று எழுதினால் அது விடைக்குறிப்பு மட்டுமே. ஒவ்வொரு விடைக்கும் இரண்டு மூன்று வரிகள் வேண்டும். அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் உடைகிறது என்று அவை சொல்ல வேண்டும். நம் வினாவுக்கு இப்படி எழுதலாம்:

அ) உரம் போட்டால் செடி செழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணின் சத்துகள் அவசியம்தான், ஆனால் தேவைப்படும் அளவு மிகச் சிறிது. ஹெல்மான்ட்டின் மரம் 74 கிலோ கூடியபோது மண் 60 கிராம்தான் குறைந்தது.

ஆ) ஹெல்மான்ட்டும் இப்படித்தான் நினைத்தார். மரத்தின் பொருளில் உள்ள ஹைட்ரஜன் நீரிலிருந்துதான் வருகிறது. ஆனால் உலர் எடையில் ஹைட்ரஜனின் பங்கு குறைவு.

இ) சரி. உலர் எடையில் பெரும்பங்கு கார்பனும் ஆக்ஸிஜனும்தான். கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து இரண்டும் வந்து சர்க்கரையாகின்றன. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் மரத்தின் கட்டை உருவாகிறது.

ஈ) ஒளி இல்லாமல் இது நடக்காது. ஆனால் ஒளி ஆற்றல் தருகிறது. எடை சேர்க்கும் பொருளைத் தருவதில்லை.

'ஆ' என்று எழுதிய பிள்ளை இதைப் படித்தால், தன் யோசனையில் எவ்வளவு சரி, எங்கே தடம் மாறியது என்று தெரிந்துகொள்ளும்.

கடைசியாக, தேர்வு முடிந்ததும் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ண வேண்டும். 40 பேர் வகுப்பில் 'ஈ'யை ஒருவர்கூடத் தொடவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை; அடுத்த முறை மாற்றிவிடுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தவறாகவும் மற்றவர்கள் சரியாகவும் எழுதியிருந்தால் முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சந்தேகியுங்கள், பிறகு வினாவின் சொற்களை. பாதிப்பேர் 'அ' என்று எழுதியிருந்தால் வினா பழுதில்லை. எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று அது சொல்லிவிட்டது.

இப்படி ஒரு வினா எழுத எனக்கு அரை மணி நேரமாவது ஆகும். ஒரு பாடத்துக்கு ஐந்துக்கு மேல் என்னால் முடிவதில்லை. ஐம்பது வினா கொண்ட வழிகாட்டியைவிட அந்த ஐந்தையே என் மாணவர்களுக்குக் கொடுப்பேன். நீங்களும் நாளை நடத்தப் போகும் பாடத்திலிருந்து ஒரே ஒரு வினா எழுதுங்கள். விடைகளுக்கான இடத்தைக் காலியாக விட்டு வகுப்புக்குப் போங்கள். அந்த இடத்தைப் பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள்.