கிலோமீட்டருக்கு 985 ரூபாய்

வாடகைக்கு வீடு தேடி நாலு தெரு அலைந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமாகியிருக்கும். "சதுர அடிக்குப் பதினாறு ரூபாய் சார், இந்தப் பக்கம் அதுதான் ரேட்டு" என்பார் தரகர். அடுத்த தெருவில் அதே அளவு வீட்டுக்கு இருபது ரூபாய் கேட்பார்கள். காரணம் கேட்டால் "ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கு இல்லையா" என்று பதில் வரும். பரப்பளவு வாடகையைக் கூட்டுகிறது, தூரம் குறைக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஒரு சதுர அடி எவ்வளவு கூட்டுகிறது, ஒரு கிலோமீட்டர் எவ்வளவு குறைக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த வேலையைச் செய்யும் ஒரு சூத்திரம் எக்செல்லில் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும்கூட உண்டு. அதன் பெயர் `LINEST`. பத்துப் பன்னிரண்டு வீடுகளின் விவரம் கையில் இருந்தால் போதும், செய்து பார்த்துவிடலாம்.

விளக்குவதற்காக நானே பத்து வீடுகளை அமைத்துக்கொண்டேன். இவை எந்த ஊரின் நிலவரமும் இல்லை. உங்கள் பகுதியின் எண்களை நீங்கள்தான் திரட்ட வேண்டும். முதல் பத்தியில் பரப்பளவு சதுர அடியில், இரண்டாவதில் ரயில் நிலையத்திலிருந்து தூரம் கிலோமீட்டரில், மூன்றாவதில் மாத வாடகை ரூபாயில். முதல் வரி தலைப்புக்கு. எண்கள் இரண்டாம் வரியில் தொடங்குகின்றன.

```
   A      B       C
 500      1    11000
 500      4     8500
 600      2    11000
 700      1    14500
 700      5    10000
 800      2    15500
 900      7    11500
1000      4    15500
1100      6    15000
1200      8    15500
```

தூரம் கூடினால் வாடகை கூடுமா?

முதலில் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரப்பளவை மறந்துவிட்டு, தூரத்துக்கும் வாடகைக்கும் பொருந்தும் நேர்கோடு எது என்று கேட்டால், கிலோமீட்டருக்கு 125 ரூபாய் வீதம் வாடகை கூடுகிறது என்று விடை வருகிறது. நிலையத்தை விட்டு விலக விலக வாடகை ஏறுகிறதாம்!

கணக்கில் பிழை இல்லை. பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பது 1200 சதுர அடி வீடு. நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவை 500, 700 சதுர அடி வீடுகள். நெரிசலான இடத்தில் சின்ன வீடு, ஊர் எல்லையில் பெரிய வீடு என்பது பல ஊர்களில் காணும் அமைப்புதான். தூரம் போகும்போது பரப்பளவும் கூடவே போகிறது. பரப்பளவு ஏற்றிவிட்ட வாடகையை, கணக்கில் தனியாக நின்ற தூரத்தின் தலையில் கட்டிவிட்டோம்.

பரப்பளவை மட்டும் வைத்துப் போட்டாலும் இதே கோளாறு வேறு வடிவில் வருகிறது. சதுர அடிக்கு 8 ரூபாய் 24 காசு என்கிறது விடை. பெரிய வீடுகள் தள்ளி இருப்பதால் அவற்றின் வாடகை இறங்கியிருக்கிறது. அந்த இறக்கம் பரப்பளவின் மதிப்பைப் பாதியாக்கிக் காட்டுகிறது.

இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்கில் சேர்த்தால்தான் அவரவர் பங்கு அவரவருக்குப் போய்ச் சேரும். இதைப் புள்ளியியலில் பன்மடங்கு ரெக்ரஷன் என்பார்கள்.

சூத்திரமும் விடையும்

காலியான ஒரு கட்டத்தில் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்.

```
=LINEST(C2:C11, A2:B11, TRUE, TRUE)
```

முதலில் வருவது நாம் கணிக்க விரும்பும் வாடகை. அடுத்தது, அதைத் தீர்மானிக்கும் இரண்டு பத்திகளும் சேர்ந்தது. மூன்றாவதாக உள்ள `TRUE`, கணக்கில் ஒரு மாறிலியும் இருக்கட்டும் என்பதற்கு. கடைசி `TRUE`, விடை எவ்வளவு நம்பகமானது என்ற விவரங்களையும் கொடு என்பதற்கு. புதிய எக்செல்லில் Enter தட்டினாலே ஐந்து வரிசை, மூன்று பத்தியாக விடை விரியும். பழைய பதிப்பாக இருந்தால், அதே அளவு கட்டங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, சூத்திரத்தை எழுதி, Ctrl, Shift, Enter மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். தசமங்களைச் சுருக்கினால் விடை இது.

```
 -984.55      15.53    4311.24
  100.57       1.02     616.65
    0.97     516.42       #N/A
  116.68          7       #N/A
62233146    1866854       #N/A
```

`#N/A` என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தக் கட்டங்களில் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

முதல் வரிசையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நாம் பரப்பளவை முதலிலும் தூரத்தை அடுத்தும் கொடுத்தோம். `LINEST` விடையை வலமிருந்து இடமாகத் திருப்பித் தருகிறது. முதலில் நிற்கும் -984.55 தூரத்தின் கெழு. நடுவில் உள்ள 15.53 பரப்பளவின் கெழு. கடைசியில் இருப்பது மாறிலி. இரண்டு கெழுக்களையும் மாற்றிப் போட்டால் 850 சதுர அடி வீட்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் மைனஸ் வாடகை வரும், தவறு உடனே தெரிந்துவிடும். தூரத்தோடு அறைகளின் எண்ணிக்கை போன்ற சிறிய எண் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், இதே தவறு கண்ணில் படாமலே போகலாம். அதனால் விடை வந்த கையோடு ஒவ்வொரு பத்தியின் மேலும் பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.

கெழு என்ன சொல்கிறது?

தூரம் மாறாமல் இருந்தால், ஒரு சதுர அடி கூடும்போது வாடகை ஏறக்குறைய 15 ரூபாய் 53 காசு கூடுகிறது. பரப்பளவு மாறாமல் இருந்தால், ஒரு கிலோமீட்டர் விலகும்போது வாடகை ஏறக்குறைய 985 ரூபாய் குறைகிறது. இதில் "மாறாமல் இருந்தால்" என்ற சொல்லை விட்டுவிட்டால் பொருளே கெட்டுவிடும். தனியாகக் கேட்டபோது கிலோமீட்டருக்கு 125 ரூபாய் கூடுகிறது என்ற அதே தூரம், பரப்பளவைச் சமமாக்கியதும் 985 ரூபாய் குறைகிறது என்று சொல்கிறது.

இதைப் பட்டியலிலேயே சரிபார்க்கலாம். 700 சதுர அடியில் இரண்டு வீடுகள் உண்டு. ஒரு கிலோமீட்டரில் இருப்பதற்கு 14,500 ரூபாய், ஐந்து கிலோமீட்டரில் இருப்பதற்கு 10,000. நாலு கிலோமீட்டருக்கு 4,500 ரூபாய் வித்தியாசம், அதாவது கிலோமீட்டருக்கு 1,125. 500 சதுர அடி வீடுகள் இரண்டையும் ஒப்பிட்டால் கிலோமீட்டருக்கு 833 வருகிறது. 985 இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. இப்படிச் சமமான ஜோடிகள் கிடைக்காத வீடுகளையும் சேர்த்துக்கொண்டு இதே ஒப்பீட்டைச் செய்வதுதான் `LINEST` செய்யும் வேலை.

மாறிலியான 4,311 ரூபாய்க்குத் தனிப் பொருள் தேட வேண்டாம். பூஜ்யம் சதுர அடியில், ரயில் நிலையத்தின் மேலேயே நிற்கும் வீட்டின் வாடகை அது. அப்படி ஒரு வீடு கிடையாது. கணக்கு சரியான உயரத்தில் தொடங்க அது தேவை, அவ்வளவுதான்.

இனிக் கணிப்பு. 850 சதுர அடி, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு பார்க்கிறீர்கள். 850-ஐ 15.53-ஆல் பெருக்கி, மாறிலியைக் கூட்டி, மூன்று கிலோமீட்டருக்கான 2,954 ரூபாயைக் கழித்தால் சுமார் 14,560 ரூபாய் வருகிறது. கையால் பெருக்க வேண்டாம் என்றால் `TREND` சூத்திரம் இதே விடையைத் தரும். பத்திகளை மாற்றிப் படித்துவிட்டோமா என்று சோதிக்கவும் அது உதவும்.

எவ்வளவு நம்பலாம்?

இரண்டாவது வரிசை திட்டப்பிழை. வேறு பத்து வீடுகளை எடுத்திருந்தால் கெழு எவ்வளவு ஆடியிருக்கும் என்பதற்கான அளவு அது. கெழு தன் திட்டப்பிழையைப் போல இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நம் தூரக் கெழு கிட்டத்தட்ட பத்து மடங்கு, பரப்பளவுக் கெழு பதினைந்து மடங்கு. இரண்டும் உறுதியாக நிற்கின்றன.

மூன்றாவது வரிசையில் முதல் எண் 0.97. வீட்டுக்கு வீடு வாடகையில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் 97 சதவீதத்தை இந்த இரண்டு காரணங்களே விளக்குகின்றன என்று பொருள். நிஜ வீடுகளில் இவ்வளவு உயர்வாக எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் வசதி, பார்க்கிங், கட்டடத்தின் வயது, எத்தனையாவது மாடி என எல்லாமே வாடகையை அசைக்கும். அதன் பக்கத்தில் உள்ள 516 ரூபாய், கணிப்பு வழக்கமாக எவ்வளவு தவறும் என்பதன் அளவு. பத்தே வீடுகளை வைத்துக் கணித்திருப்பதால் 14,560 என்பதை 13,200-க்கும் 15,900-க்கும் இடைப்பட்ட தொகை என்றே எடுத்துக்கொள்வது நேர்மை.

பரப்பளவோடு படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தால் சிக்கல் வரலாம். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் எது வாடகையைக் கூட்டியது என்று சூத்திரத்தால் பிரிக்க முடியாது. திட்டப்பிழை வீங்கும். ஒரு வீட்டை நீக்கினாலே கெழு பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குத் தாவும். அப்படிக் கண்டால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

பட்டியலின் எல்லையைத் தாண்டிக் கணிக்கவும் கூடாது. 15 கிலோமீட்டரில் 500 சதுர அடி வீட்டுக்கு இந்தக் கணக்கு மைனஸ் 2,690 ரூபாய் என்கிறது. எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் அது ஒரு வீட்டையும் பார்த்ததில்லை. விவரம் திரட்டும்போதும் கவனம் வேண்டும். ஒருவர் சொன்ன சதுர அடி சுவருக்குள் உள்ள அளவா, பொது இடத்தையும் சேர்த்ததா என்று கேட்டு எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவை எழுதுங்கள். போர்டில் கேட்கும் வாடகையையும் பேசி முடித்த வாடகையையும் கலக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் கையில் கிடைப்பது ஒரு பேரம் பேசும் எண். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் மாதம் 985 ரூபாய் மிச்சம். நிலையத்துக்குப் போக வர இரண்டு கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் கூடுதல் பயணம் 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்கில், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் செலவு சுமார் 110 ரூபாய். நேரத்துக்கு நீங்கள் என்ன விலை வைக்கிறீர்கள் என்பது உங்கள் முடிவு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உங்கள் பகுதியில் பத்து வீடுகளின் அளவையும் தூரத்தையும் வாடகையையும் விசாரித்து எழுதுங்கள். அந்தப் பகுதியின் 985 எது என்று தெரிந்துகொண்டு தரகரிடம் பேசுங்கள்.