இல்லாத 200 மூட்டை

ஒரு சிமென்ட் கடை. கணினிக் கணக்கில் இருப்பு 40 மூட்டை. குடோன் குமாஸ்தா லாரியில் வந்த 200 மூட்டையைப் பதியத் தொடங்குகிறார். எண் 240 ஆகிவிட்டது. ஆனால் பில்லைச் சரிபார்த்து முடிக்கவில்லை. பதிவை உறுதிசெய்யும் COMMIT இன்னும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் கவுன்டர் குமாஸ்தா இருப்பைப் பார்க்கிறார். 240 தெரிகிறது. ஒரு மேஸ்திரிக்கு 100 மூட்டை தருவதாகச் சொல்லி அட்வான்ஸும் வாங்கிவிடுகிறார். பில்லைப் பிரித்த பிறகுதான் குடோன்காரருக்குத் தெரிகிறது, லாரி வேறு கிளைக்குப் போக வேண்டியது என்று. பதிவை ரத்து செய்கிறார். இருப்பு மறுபடியும் 40.

கவுன்டரில் தெரிந்த 240, கணக்கில் ஒருபோதும் ஏறாத எண். உறுதியாகாத எண்ணை இப்படி எட்டிப் பார்ப்பதுதான் ‘டர்ட்டி ரீட்’.

ஒருவர் வேலை மற்றவர் கண்ணில் எவ்வளவு படலாம் என்பதை டேட்டாபேஸில் ‘ஐசோலேஷன் லெவல்’ தீர்மானிக்கிறது. 1992-இல் வந்த SQL தரநிலை இதற்கு நான்கு படிகள் வகுத்தது. அடிப்படியான READ UNCOMMITTED-இல்தான் டர்ட்டி ரீட் நடக்கும். அடுத்ததான READ COMMITTED-இல் கவுன்டர்காரருக்கு 240 தெரியவே தெரியாது. போஸ்ட்கிரஸ்ஸில் அடிப்படியைக் கேட்டு வாங்கினாலும் இரண்டாம் படிதான் கிடைக்கும்.

அத்தோடு நிம்மதி என்று நினைக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். என் கணக்கில், டர்ட்டி ரீட்டைவிட அதிகம் பயப்பட வேண்டியது அடுத்து வருவது.

இருப்பு 40. இருவருமே 40 என்று படிக்கிறார்கள். கவுன்டர்காரர் 10 மூட்டை விற்று, 30 என்று எழுதி உறுதிசெய்கிறார். குடோன்காரர் கிழிந்துபோன 5 மூட்டையைக் கழித்து, தான் படித்த 40-ஐ வைத்து 35 என்று எழுதுகிறார். உண்மையில் இருப்பது 25. கணினி சொல்வது 35. உறுதியாகாத எதையும் யாரும் பார்க்கவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் 10 மூட்டை விற்றது கணக்கிலிருந்து அழிந்துவிட்டது. READ COMMITTED இதைத் தடுக்காது.

எளிய மருந்து, எண்ணைப் படித்து மனக்கணக்குப் போட்டு எழுதாமல், கழிக்கும் வேலையையே டேட்டாபேஸிடம் விட்டுவிடுவது:

```sql
UPDATE stock SET qty = qty - 5
WHERE item = 'cement' AND qty >= 5;
```

இப்போது ஒரே வரிசையை இருவர் தொட்டால், பின்னால் வந்தவர் முன்னவர் முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு 30-இலிருந்துதான் 5 கழியும்.

மூன்றாம் படியான REPEATABLE READ-க்கு ஏறினால் போதாதா? போஸ்ட்கிரஸ்ஸில், பழைய 40-ஐ வைத்து எழுத வந்தவருக்குப் பிழை காட்டித் திருப்பி அனுப்பும். புரோகிராம் முதலிலிருந்து மறுபடி முயல வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் அதே பெயருள்ள படி, அந்த 35-ஐச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டுவிடும். பெயரை நம்பி இறங்கக்கூடாத இடம் இது. ஒவ்வொருவரும் வரிசையாக வேலை செய்தது போன்ற விளைவைத் தருவது நான்காம் படியான SERIALIZABLE. அதற்கு விலை, காத்திருப்பும் மறுமுயற்சியும்.

இப்படி எண் தொலைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. வரவையும் செலவையும் தனித்தனி வரியாகப் பதிந்துவையுங்கள். கூட்டிக் கழித்தால் 25, இருப்புக் கட்டத்தில் 35 என்றால், யாரோ ஒருவர் இன்னொருவர் கணக்கின் மேல் எழுதியிருக்கிறார்.