யார், யாரிடம் சொல்கிறார்?

"காதலைப் பற்றியோ இழப்பைப் பற்றியோ ஒரு சின்னக் கவிதை வேண்டும்." கவிதை எழுதுகிறவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் வேண்டுகோள் இது. எந்த வடிவம், எத்தனை வரி, அழுகையா ஆறுதலா, யார் படிக்கப் போகிறார்கள் என்று எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுத உட்காருகிறவர் பெரும்பாலும் இப்படித் தொடங்கிவிடுவார்:

நீ இல்லாத வீட்டில்
நிழலும் அழுகிறது.
கண்ணீர்க் கடலில்
கரை தேடுகிறது என் இதயம்.

இதில் பிழை என்று ஒன்றும் இல்லை. ஆனால் போனவர் மனைவியா, தாயா, ஊர் மாறிப்போன காதலியா? யாரை வைத்துப் படித்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. கவிதை யாருக்கும் உரியதாகவில்லை என்பதை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வேண்டுகோளில் விடுபட்டவை எல்லாம் தொல்காப்பியத்தில் பெயரோடு இருக்கின்றன. செய்யுளியலின் தொடக்கத்தில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லப்படுகின்றன. பா, அளவு, கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சொல்பவர் யார் என்பது கூற்று. கேட்பவர் யார் என்பது கேட்போர். குறுந்தொகையில் பாடல்கள் பொதுவாக 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். பாட்டோடு வரும் துறைக் குறிப்பு, தலைவி தோழியிடம் சொன்னது, தோழி தலைவனிடம் சொன்னது என்று இந்த இரண்டையும்தான் முதலில் தெரிவிக்கும். என் அனுபவத்தில் இவ்விரண்டும் முடிவாகிவிட்டால் மற்றவை தாமாக வந்து பொருந்தும்.

ஓர் உதாரணத்தை எழுதியே பார்ப்போம். சொல்பவர் மனைவியை இழந்த முதியவர். களன், வட்ட வழங்கல் அலுவலகம். ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்க வந்திருக்கிறார். கேட்பவர், விண்ணப்பத்தை வாங்கும் இளம் எழுத்தர். தமிழ்நாட்டில் சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ என்ற கணக்கில், ஒரு கார்டுக்கு 2 கிலோ வரை கிடைக்கும். சிறிய குடும்பத்தில் ஒரு பெயர் போனால் அரைக் கிலோ குறையும். எனக்குப் பிடி கிடைத்தது அந்த அரைக் கிலோவில்தான்.

எழுதிக்கோங்க தம்பி,
பெயர் நீக்கம்.
அரைக் கிலோ சர்க்கரை குறையுமா, குறையட்டும்.
இருபது வருஷமா
அவ சர்க்கரை தொட்டதில்ல.
அவ பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

கேட்பவரை மகளாக மாற்றிப் பாருங்கள். அம்மா சர்க்கரை தொடமாட்டாள் என்பது மகளுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சொன்னால், வாசகருக்காக வலிந்து சொன்னதாகிவிடும். எழுத்தர் அந்நியர் என்பதால்தான் அந்தத் தகவல் இயல்பாக உள்ளே வர முடிகிறது. 'தம்பி' என்ற விளியும் இதே காரணத்துக்காக வந்தது. 'சார்' என்று தொடங்கினால் முதியவர் விண்ணப்பத்தோடு நின்றுவிடுவார். கடைசி வரியைச் சொல்ல அவருக்கு வாய் வராது.

வடிவமும் இங்கிருந்தே வந்தது. கவுன்ட்டரில் பின்னால் வரிசை நிற்கும்போது எட்டு வரிக்கு மேல் ஒருவர் பேசமாட்டார். பேச்சுத் தமிழும் அவருடையது. ஆசிரியப்பா வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால், சீர் நிரப்புவதற்காக அவர் ஒருபோதும் சொல்லாத 'என்னுயிர்த் துணையே' போன்ற சொற்கள் உள்ளே வந்திருக்கும்.

ஏழாவதாக ஒரு வரியும் எழுதினேன்: 'இனி எனக்கும் எல்லாம் கசப்புதான்.' பிறகு அடித்துவிட்டேன். சொல்லாமல் விட்டு, கேட்பவரே உணர்ந்துகொள்வதற்கு வைக்கும் இடம் எச்சம். அந்த ஏழாவது வரி அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. அதோடு, முதியவரின் குற்றவுணர்வு, அவளுடைய உடல்நிலை, சேர்ந்து வாழ்ந்த வருஷங்கள் எல்லாவற்றையும் 'கசப்பு' என்ற ஒரே உணர்ச்சியாகச் சுருக்கியும் விடுகிறது. கேட்டவர் காதல் என்றாரா, இழப்பு என்றாரா என்பதும் இங்கே பிரச்சினையாகவில்லை. அவள் பங்கைச் சாப்பிட்டதில் இரண்டுமே இருக்கின்றன.

ஆனால் இதே கவிதையை நாளிதழின் நினைவஞ்சலி விளம்பரத்துக்குக் கொடுக்க முடியாது. அங்கே சொல்பவர்கள் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும். படிப்பது ஊராக இருந்தாலும், வரிகள் பேசுவது போனவரிடம். சர்க்கரை தொடாத கதை அம்மாவுக்குத் தெரிந்ததுதான். அவருக்குத் தெரியாதது, அவர் போன பிறகு வீட்டில் நடந்தவை மட்டுமே. அப்பா காபியில் சர்க்கரை போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டார் என்றால், அவரிடம் அதைச் சொல்லலாம். அதையும் மூன்று நான்கு வரியில் முடிக்க வேண்டும். படத்துக்குக் கீழே அதற்கு மேல் இடம் இருக்காது.