தீபாவளிக்கு வாங்கிய லேப்டாப்

ஈரோட்டில் வீட்டிலிருந்தே கிராஃபிக் டிசைன் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தீபாவளித் தள்ளுபடியில், நவம்பர் முதல் வாரத்தில், 60,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்குகிறார். மார்ச்சில் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தொகையை அப்படியே வருமானத்தில் கழித்துவிடலாம் என்று நினைக்கிறார். முடியாது.

லேப்டாப் பல வருஷம் உழைக்கிற பொருள். அதனால் தேய்மானத்தை மட்டுமே கழிக்கலாம். கணினிக்கு அது ஆண்டுக்கு 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். அக்டோபர் முதல் சில நாட்களுக்குப் பின் வாங்கிய எல்லாமே இந்தப் பாதிக் கணக்கில் விழும். தீபாவளியோ அதற்கு முன் வருவதே இல்லை! ஆக 20 சதவீதம், 12,000 ரூபாய். இன்னும் முடியவில்லை. மாலையில் மகன் அதில்தான் படிக்கிறான். தொழிலுக்கு முக்கால்வாசி என்று வைத்தால் இந்த ஆண்டு கழிவது 9,000. மிச்சம் அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்லக் கழியும்.

இந்தப் பங்குக் கணக்குதான் வீட்டில் வேலை செய்பவர்களுக்கு முக்கியம். இன்டர்நெட், செல்போன், மின்சாரம், வாடகை எல்லாவற்றிலும் தொழிலுக்கான பங்கு மட்டும் செலவாகும். 12,000 ரூபாய் வாடகை வீட்டில் கால்வாசி இடம் வேலைக்கென்றே இருந்தால், மாதம் 3,000. அந்தக் கால்வாசியை எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றவும் கூடாது. மென்பொருள் சந்தா, வாடிக்கையாளரைப் பார்க்கப் போன ரயில் டிக்கெட், ஆடிட்டர் கட்டணம் ஆகியவை முழுதாகக் கழியும். கூட்டத்துக்குப் போட எடுத்த புதுப் புடவை கழியாது; அதை எங்கும் கட்டலாமே.

பெரும்பாலும் சிக்கல் விதியில் இல்லை, வங்கிக் கணக்கில்தான். டிசைன் பணமும் மளிகைக் கடை யுபிஐயும் ஒரே கணக்கில் ஓடினால், மார்ச்சில் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பிரிக்க வேண்டும். தொழிலுக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்து, வரவெல்லாம் அங்கே விழட்டும். வீட்டுக்கு மாதம் ஒரு தொகையை மாற்றிக்கொள்ளலாம். அது தனக்குத் தானே எடுத்த பணம். ‘சம்பளம்’ என்று செலவில் எழுத முடியாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தச் செலவு பொதுவாக ஏற்கப்படாது.

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற குறிப்பிட்ட சில தொழிலினருக்கு இன்னொரு வழி உண்டு. வரம்புக்குள் வரவு இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டிவிடலாம். பில் சேர்க்கும் வேலையில்லை. ஆனால் அப்படிக் காட்டியவர் லேப்டாப் தேய்மானத்தைத் தனியாகக் கேட்க முடியாது. மீதிப் பாதிக்குள் அதுவும் அடக்கம்.