“மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்று எழுதாதீர்கள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி விற்கும் கடைகளைப் பார்க்கலாம். இதே பொடிகள் இப்போது வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கப்படுகின்றன. அங்கே வரும் விளம்பரம் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: “சிறுகுறிஞ்சான் பொடி. 48 நாளில் சர்க்கரை நோய் அடியோடு போகும். மாத்திரையை நிறுத்திவிடலாம். பக்கவிளைவு கிடையாது.”

இந்த மூன்று வாக்குறுதிகளையும் விற்பவர்கள் ஏன் தவிர்க்க வேண்டும் என்று பார்ப்போம்.

“அடியோடு போகும்”

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்வைச் சிறிது நேரம் தடுத்துவிடுவதே காரணம். நாக்கில் இனிப்பு தெரியவில்லை என்பதால் ரத்தத்தில் சர்க்கரை இல்லை என்று ஆகாது. ரத்தச் சர்க்கரையை இந்த இலை ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நோயையே ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

“மாத்திரையை நிறுத்திவிடலாம்”

மூன்றில் மிக ஆபத்தானது இதுதான். முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் வகை நோயாளிக்கு உடனே ஒன்றும் தெரியாது. சர்க்கரை சத்தமில்லாமல் ஏறி, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கும்.

மாத்திரையை நிறுத்தாமல் பொடியையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு வேறொரு ஆபத்து உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடும் ஒருவர், பௌர்ணமி விரதம் என்று சாப்பிடாமல், பொடியையும் கலந்து குடித்துவிட்டு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை, பட்டினி, நடை, பொடி நான்கும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். கூட வருபவர்கள் நடந்த களைப்பு என்றே நினைப்பார்கள். அந்த நேரத்தில், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், உடனே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

“பக்கவிளைவு கிடையாது”

உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் வேண்டாத விளைவும் இருக்கலாம். சிறுகுறிஞ்சான் சாப்பிட்டவருக்குக் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. அப்படி நேர்வது அரிது. ஆனாலும் “கிடையாது” என்று எழுதிவிட்டால், மஞ்சள் காமாலை வந்தாலும் வாங்கியவர் பொடியைச் சந்தேகிக்க மாட்டார், தொடர்ந்து சாப்பிடுவார்.

வாடிக்கையாளர் சொன்னதைப் பகிரலாமா?

“எனக்கு 280 இருந்தது, 130 ஆகிவிட்டது” என்று வாடிக்கையாளர் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பகிர்ந்தாலும் அது உங்கள் விளம்பரம்தான். அவர் அந்த நாட்களில் மாத்திரையும் போட்டாரா, சோற்றைக் குறைத்தாரா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஒரு நாள் எடுத்த அளவு அந்த நாளை மட்டுமே காட்டும். மூன்று மாதச் சராசரி தெரிய எச்பிஏ1சி பரிசோதனை வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், அட்டவணையில் உள்ள 54 நோய்களையும் உடல்நிலைகளையும் குணப்படுத்தும் என்றோ தடுக்கும் என்றோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், உடல் பருமன், காய்ச்சல், ஆண்மைக் குறைவு எல்லாம் அதில் அடக்கம். உயரத்தைக் கூட்டும் என்று சொல்வதும் கூடாது. முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை விதிக்கலாம்.

பெரிய நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில், தவறான விளம்பரம் செய்ய மாட்டோம் என்று பதஞ்சலி நிறுவனம் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியளித்தது. அதை மீறியதாக 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட வேண்டியதாயிற்று. மன்னிப்பை ஏற்று, ஆகஸ்டில் நீதிமன்றம் அவமதிப்பு வழக்கை முடித்தது.

அப்படியானால் என்னதான் எழுதலாம்?

அதே பொடிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “சிறுகுறிஞ்சான் இலைப் பொடி. நிழலில் உலர்த்தி அரைத்தது. வேறு எதுவும் கலக்கவில்லை. 100 கிராம். மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.” இதோடு தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண், விலை ஆகியவற்றையும் சேருங்கள்.

“சர்க்கரை குறையுமாங்க?” என்று யாராவது போனில் கேட்டால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரியுங்கள். மருந்துச் சீட்டோடு அவருடைய டாக்டரையோ, அரசு மருத்துவமனையில் உள்ள சித்த மருத்துவரையோ பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு பொட்டலம் விற்காமல் போகலாம். அவருடைய மருந்து மட்டும் நிற்கக்கூடாது.