அரசாங்கக் கடனும் ஓசூர்ப் பட்டறையும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் சாலையில் ஜூஜுவாடியைக் கடந்தால் சிறிது தொலைவில் அத்திப்பள்ளி வந்துவிடும். இப்பால் தமிழ்நாடு; அப்பால் கர்நாடகம். மின்சாரக் கட்டணம், நிலத்தின் விலை, தொழிலுக்குக் கிடைக்கும் சலுகை ஆகிய பலவும் இந்த எல்லையில் மாறுகின்றன. ஆதலின் இப்பகுதித் தொழில் முனைவோர் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு நோக்கியே எதையும் முடிவு செய்வர். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் மாறாத ஒன்று உண்டு. அதுதான் பணத்தின் நிலைமை. இந்தியாவின் சேமிப்பு முழுவதும் ஒரே குளம். அதன் மதகு ரிசர்வ் பாங்கின் கையில் இருக்கிறது. அந்தக் குளத்திலிருந்து அரசாங்கம் மிகுதியாக மொண்டுகொண்டால், ஓசூரிலுள்ள கடைசல் பட்டறைக்கு என்ன நேரும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். பொருளாதார அறிஞர்கள் இதனை 'நெருக்கித் தள்ளுதல்' என்று குறிப்பிடுவர்.

அரசாங்கத்தின் செலவு வரவை விஞ்சும்போது, குறைவதைக் கடனாகப் பெறவேண்டியிருக்கிறது. கடன் கொடுப்போர் யார்? மக்களின் சேமிப்பை வைத்திருக்கும் பாங்குகள், காப்புறுதி நிறுவனங்கள், சேமநல நிதிகள் ஆகியவையே. தனியார் தொழிலும் இதே சேமிப்பைத்தான் நாடி நிற்கிறது. ஒரே வாய்க்காலில் தலைமடையும் கடைமடையும் நீர் பாய்ச்சுவது போன்றது இது. தலைமடைக்காரர் நிறையப் பாய்ச்சினால், நீர் குறைந்த ஆண்டில் கடைமடை காய்கிறது.

இந்த நெருக்குதல் இரண்டு வழிகளில் நேரலாம். ஒன்று, விலை வழி. பணத்தின் விலையாகிய வட்டி உயர்ந்து, அதனைக் கொடுக்க இயலாதவர் தாமாகவே விலகிவிடுவர். மற்றொன்று, அளவு வழி. இத்தனை பங்கு அரசாங்கத்துக்கே என்று சட்டம் ஒதுக்கிவிட, எஞ்சியதைத்தான் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் 1990-ஆம் ஆண்டுவரை இந்த இரண்டாம் வழியே மேலோங்கியிருந்தது. அதனை நன்கு காண்பதற்கு ஓசூரைவிடத் தக்க இடம் அரிது.

ஓசூர் தானாக எழுந்த தொழில் நகரம் அன்று. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம், அந்தப் பத்தாண்டில் இங்கே நிலத்தைப் பண்படுத்தி, சாலையும் நீரும் மின்சாரமும் அமைத்தது. 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் இயங்கத் தொடங்கின. பெரிய ஆலைகளை ஒட்டி, உதிரி பாகம் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தான் தோன்றியது; அந்நாளில் இவையெல்லாம் தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பட்டறை தோன்றிய காலமும் அரசாங்கத்தின் கடன் பெருகிய காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் ஓசூரில் ஒரு பாங்கில் 100 ரூபாய் போட்டதாகக் கொள்வோம். அதில் 15 ரூபாயை ரிசர்வ் பாங்கில் ரொக்கமாக வைக்கவேண்டும் என்பது விதி. மேலும் 38 ரூபாய் 50 காசை, பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களிலேயே போட்டுவைக்க வேண்டும். பாங்கு கடன் கொடுப்பதற்கு எஞ்சியது 46 ரூபாய் 50 காசு. இதிலும் நூற்றுக்கு 40 பங்கு, அதாவது 18 ரூபாய் 60 காசு, வேளாண்மை, சிறுதொழில் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்கு உரியது. மற்றெல்லாத் தொழிலுக்கும் வணிகத்துக்கும் மிஞ்சியது 28 ரூபாய்க்கும் சற்றுக் குறைவே.

கடன் பத்திரங்களில் போடவேண்டிய பங்கு எப்போதும் இத்தனை பெரிதாக இருந்ததில்லை. பாங்கில் பணம் போட்டவர்களின் பாதுகாப்பை உத்தேசித்து 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஏற்படுத்தியது. 1964-இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. பின்னர் அரசாங்கத்தின் தேவை வளர வளர, பாதுகாப்புக்கென்று ஏற்பட்ட விதி, கடன் திரட்டும் கருவியாக மாறிவிட்டது.

ரொக்கமாக வைத்த 15 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகவில்லையே என்று கேட்கலாம். நேராகப் போகவில்லை, ஆயினும் தொடர்பு உண்டு. பாங்குகளிடம் பெற்றது போதாமல், மத்திய அரசாங்கம் ரிசர்வ் பாங்கிடமே குறுகிய காலப் பத்திரங்களைக் கொடுத்துப் பணம் பெற்றுவந்தது. அவற்றுக்கு 1974 முதல் வட்டி நூற்றுக்கு 4.6 தான். இவ்வாறு புதிதாகப் பிறந்த பணம் சந்தையில் புகுந்தால் விலைவாசி ஏறும். அதனைத் தடுக்க ரிசர்வ் பாங்கு, பாங்குகளின் ரொக்க இருப்பை உயர்த்தி, பணத்தை உறிஞ்சிக்கொண்டது. ஒரு கதவு வழியே அரசாங்கத்துக்குப் போன பணத்துக்கு ஈடாக, இன்னொரு கதவு வழியே தனியாரின் கடன் குறைக்கப்பட்டது.

சிறுதொழில் முன்னுரிமைத் துறையில் சேர்ந்ததாயிற்றே, ஓசூர்ப் பட்டறைக்கு என்ன குறை என்று தோன்றலாம். இங்கேதான் விஷயம் நுட்பமாகிறது. முன்னுரிமை பெறாத பெரிய கம்பெனிகளுக்கு நடைமுறை மூலதனம் தட்டுப்பட்டால், அவை எங்கே சிக்கனம் செய்யும்? தமக்குச் சரக்குத் தந்தவரின் பில்லைத் தாமதமாகக் கொடுக்கும். அப்போது பட்டறைக்காரர், தாம் விரும்பாமலே, வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பாங்காகிவிடுகிறார்.

விளக்கத்திற்காக ஒரு கணக்கு. ஒரு பட்டறை மாதம் 5 லட்ச ரூபாய்க்குப் பாகங்கள் செய்து அனுப்புகிறது. பில் 45 நாளில் வந்தால், வெளியே நிற்கும் பணம் ஏழரை லட்சம். 90 நாளானால் 15 லட்சம். கூடுதலாக நிற்கும் ஏழரை லட்சத்துக்கு நூற்றுக்கு 19 வட்டியில் ஆண்டுக்கு 1,42,500 ரூபாய் செலவு. ஆண்டு விற்பனை 60 லட்சம். அதில் இலாபம் நூற்றுக்கு 5 என்றால் 3 லட்சம். ஆக, இலாபத்தில் ஏறத்தாழப் பாதி தாமதத்திலேயே கரைந்துவிடுகிறது. தொழிலாளி குறைவாக உழைக்கவில்லை, சரக்கும் கெட்டுப்போகவில்லை. ஆயினும் பட்டறை மெலிகிறது.

இது கற்பனைக் குறை அன்று. தாமதமாகும் பில்லுக்கு வட்டி கொடுக்கவேண்டும் என்று சிறுதொழில்களுக்காக 1993-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அதன் இடத்தில் வந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம், 45 நாளுக்கு மேல் பில்லை நிறுத்தி வைக்கலாகாது என்கிறது.

இனி விலை வழியைக் காண்போம். அதே பட்டறை 10 லட்சத்தில் ஒரு புதிய லேத் வாங்க எண்ணுகிறது. கூலி, மின்சாரம், தேய்மானம் எல்லாம் போக அது ஆண்டுக்கு 1,60,000 ரூபாய் தரும் என வைத்துக்கொள்வோம். வட்டி பன்னிரண்டரையானால் 1,25,000 போக 35,000 மிஞ்சும். வட்டி 19 ஆனால் 30,000 நஷ்டம். யந்திரம் வாங்கப்படாது, அதனை இயக்க வேண்டிய தொழிலாளியும் அமர்த்தப்படமாட்டார். நெருக்கித் தள்ளப்பட்டது எது என்று தேடினால் கண்ணுக்கு எதுவும் தென்படாது. ஏனெனில் அது பிறக்கவே இல்லை.

1991 அக்டோபரில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பாங்குக் கடனுக்குக் குறைந்தபட்ச வட்டியே நூற்றுக்கு 20 ஆயிற்று. இதனை முழுவதும் அரசாங்கக் கடனின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. அவ்வாண்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போயிற்று. விலைவாசியும் கடுமையாக ஏறியது. எனினும் 1990–91-இல் மத்திய அரசாங்கத்தின் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு என்பதும், அந்த நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் மறுக்கவொண்ணாதவை.

எம். நரசிம்மம் தலைமையில் 1991-இல் ஆராய்ந்த குழு, கட்டாயமாகக் கடன் பத்திரத்தில் போடும் பங்கை 25-க்கு இறக்கவேண்டும் என்றது. 1997 அக்டோபரில் அது நிறைவேறியது. ரிசர்வ் பாங்கிடம் வேண்டும்போதெல்லாம் பணம் பெறும் முறையும் அவ்வாண்டு ஏப்ரலில் முடிவுற்றது. 2020 ஏப்ரலில் கட்டாயப் பங்கு 18 ஆகக் குறைந்தது. அரசாங்கம் இக்காலத்தில் தன் கடனைப் பெரும்பாலும் ஏலத்தின் மூலம், சந்தை சொல்லும் வட்டிக்கே பெறுகிறது. ஆகவே நெருக்குதல் ஒழிந்துவிடவில்லை. அளவு வழியிலிருந்து விலை வழிக்கு மாறியிருக்கிறது. ஆபத்தில்லாத அரசாங்கப் பத்திரமே நல்ல வட்டி தருமானால், பட்டறைக்குக் கொடுக்கும் கடனுக்குப் பாங்கு அதைவிடக் கூடுதலாகத்தானே கேட்கும்?

ஆனால் அரசாங்கம் கடன் வாங்கும்போதெல்லாம் தனியார் தள்ளப்படுகின்றனர் என்று எண்ணிவிடலாகாது. ஒரு சான்று கூறுவேன். 2004-ஆம் ஆண்டு வாக்கில் பாங்குகளின் கட்டாயப் பங்கு 25 தான். அவையோ ஏறத்தாழ 40 பங்கை அரசாங்கப் பத்திரங்களில் வைத்திருந்தன. எனினும் அதற்கு முந்திய ஆண்டுகளில் வட்டி ஏறவில்லை, இறங்கியே வந்தது. தொழில்துறையில் கடன் கேட்போர் குறைவாயிருந்ததால், பாங்குகள் தாமே விரும்பிப் பத்திரங்களை நாடின. வெள்ளம் நிறைந்த வாய்க்காலில் தலைமடைக்காரர் எவ்வளவு பாய்ச்சினாலும் கடைமடை காய்வதில்லை அல்லவா?

ஆகவே அரசாங்கம் எவ்வளவு வாங்கிற்று என்பதை மட்டும் பார்த்தால் போதாது. மூன்றை ஒருசேர நோக்கவேண்டும். விலைவாசியின் போக்குக்கு மிஞ்சி வட்டி ஏறுகிறதா? பாங்குகள் வேறு வழியின்றிப் பத்திரம் வாங்குகின்றனவா, விரும்பி வாங்குகின்றனவா? ஆர்டரும் ஈடும் கையிலிருந்தும் பட்டறைக்காரர் கடன் கிடைக்காமல் திரும்புகிறாரா? மூன்றுக்கும் விடை கேடாக இருந்தால் நெருக்குதல் நேர்ந்திருக்கிறது என்று துணியலாம். முதல் விடை மட்டும் நன்றாயிருந்தால்கூட ஐயத்துக்கு இடமுண்டு.

வாங்கிய பணம் எங்கே போயிற்று என்பதும் முக்கியம். சிப்காட்டின் நிலமும், கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையும் பொதுப் பணத்தால் அமைந்தவை. அவை இல்லையேல் கடன் கேட்க இங்கே பட்டறையே இருந்திராது. தலைமடையில் பாய்ந்த நீர் நிலத்தில் ஊறிக் கடைமடைக் கிணற்றில் சுரப்பதும் உண்டு. பழைய கடனுக்கு வட்டி கட்டவே புதுக் கடன் வாங்கினால், அந்த ஊற்று சுரப்பதில்லை.

ஓசூர்ப் பட்டறைக்காரர் எல்லை தாண்டினால் வேறு மின்கட்டணத்தைக் காணலாம். வேறு சலுகையும் பெறலாம். குளம் மட்டும் ஒன்றே. ஆதலின் புது லேத் வாங்க எண்ணும் ஆண்டில் அவர் சென்னையையும் பெங்களூரையும் ஒப்பிட்டு நோக்குவதோடு நின்றுவிடாமல், மத்திய வரவு செலவுத் திட்டத்தில் கடன் என்று எழுதிய அந்த ஒரு வரியையும் படித்துவிடுவது நல்லது.